எத்தனை மில்லிமீட்டர் தப்பியது? ஆஃப்செட் பிழையை அளவை வைத்தே கண்டுபிடிப்பது

சி.என்.சி. மில்லிங் மெஷினில் முதல் ஜாப் வெட்டி முடிந்து கதவைத் திறந்து பார்த்தால், துளைகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அந்த நேரத்தில் பெரும்பாலானவர்களின் கை நேராக ஆஃப்செட் பக்கத்துக்குப் போய் எதையாவது மாற்றப் பார்க்கும். அதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, வைஸைத் திறக்காமல், ஜாப் இருக்கிற இடத்திலேயே அளவெடுங்கள். ஜாப்பைக் கழற்றிவிட்டால் பாதி சாட்சியம் போய்விடும். இரண்டு, திரையில் இருக்கும் `G54`, `EXT`, `H` எண்களை அப்படியே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் தப்பியிருக்கிறது என்று பாருங்கள். ஆஃப்செட்டில் வரும் தவறுகள் கண்டபடி வருவதில்லை. 5 மி.மீ. தப்பினால் அதற்கு ஒரு காரணம், 10 தப்பினால் வேறொன்று, 50 தப்பினால் இன்னொன்று. தவறின் அளவே எந்தக் கட்டத்தில் பிழை என்று சொல்லிவிடும். இந்த வழிமுறை முழுவதும் அந்த ஒரு பழக்கத்தை வைத்துத்தான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஃபனக் கன்ட்ரோல் போட்ட ஒரு வெர்டிகல் மெஷின். Z ஓட்டம் 510 மி.மீ. ஹோம் மேலே இருக்கிறது, அங்கே மெஷின் Z பூஜ்யம். கீழே இறங்க இறங்க எண் மைனஸில் போகும். மற்ற கன்ட்ரோல்களில் பொத்தான்களின் பெயர் மாறும், கணக்கு மாறாது.

மெஷின் போடும் கூட்டல்

Z திசையில் மெஷின் எங்கே போய் நிற்கும் என்பது ஒரு சாதாரணக் கூட்டல்தான்.

```
மெஷின் Z = EXT Z + G54 Z + H + புரோகிராம் Z
```

X, Y இரண்டுக்கும் இதே கூட்டல்தான், `H` மட்டும் கிடையாது. `G54` என்பது ஜாப்பின் பூஜ்யம் மெஷினில் எங்கே இருக்கிறது என்ற விலாசம். `H` என்பது டூலின் நீளக் கணக்கு. புரோகிராமில் `G43` வந்தால்தான் அது கூட்டலில் சேரும். `EXT` என்பது `G54` முதல் `G59` வரை எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சேரும் எண். சாதாரணமாக அது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

இந்தக் கூட்டலில் `G54 Z`-க்கும் `H`-க்கும் நடுவே பங்கு பிரிக்க இரண்டு வழக்கங்கள் உண்டு. முதல் வழக்கத்தில் ஒவ்வொரு டூலையும் ஜாப்பின் மேல்முகத்தில் தொட்டு, அப்போது மெஷின் Z என்ன காட்டுகிறதோ அதையே `H`-இல் போடுவார்கள். `G54 Z` பூஜ்யமாக இருக்கும். `H` எல்லாம் -350, -365 என்று பெரிய மைனஸ் எண்களாக இருக்கும். சிறிய ஜாப் ஷாப்களில் இதுதான் அதிகம்.

இரண்டாவது வழக்கத்தில் `H` என்பது டூலின் உண்மையான நீளம், அதாவது ஸ்பிண்டில் முகத்திலிருந்து டூல் நுனி வரை. அது 130, 115 என்று பிளஸ் எண். `G54 Z` என்பது டூல் எதுவும் இல்லாமல் ஸ்பிண்டில் முகமே ஜாப்பின் மேல்முகத்தைத் தொட்டால் மெஷின் Z என்ன காட்டுமோ அந்த எண். நம் உதாரணத்தில் -480 என்று வையுங்கள்.

இரண்டில் எதுவும் தப்பில்லை. 130 மி.மீ. நீள டூலுக்கு இரண்டாவது வழக்கத்தில் -480 + 130 = -350. முதல் வழக்கத்தில் 0 + (-350) = -350. ஒரே இடத்தில்தான் நிற்கும். ஒரே மெஷினில் இரண்டும் கலந்தால் வருவதுதான் ஆபத்து. அதை ஒரு தனி அறிகுறியாகவே பின்னால் பார்க்கலாம்.

அறிகுறி: எல்லாமே X அல்லது Y திசையில் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது

முதலில், இது உண்மையிலேயே தள்ளியிருப்பதுதானா என்று பாருங்கள். பாக்கெட் நடுவில் சரியாக இருந்து, அகலம் மட்டும் கூடியோ குறைந்தோ இருந்தால் வொர்க் ஆஃப்செட்டைத் தொட வேண்டாம். அது கட்டர் ரேடியஸ், `D` கட்டத்தின் விஷயம். அகலம் சரியாக இருந்து, ஒரு சுவர் தடித்து எதிர்ச் சுவர் அதே அளவு மெலிந்திருந்தால்தான் இங்கே வேலை.

உதாரணமாக 100 × 60 மி.மீ. தகடு ஒன்று வைஸில் இருக்கிறது. X பூஜ்யம் இடது முகம். Y பூஜ்யம் பின்முகம், ஏனென்றால் அங்கேதான் நகராத ஜா இருக்கிறது. ஜாப்பின் அகலம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பின்முகம் நகராது. முன்முகத்தில் Y பூஜ்யம் எடுத்தால், ஒவ்வொரு ஜாப்பின் அகல வேறுபாடும் துளையின் இடத்தில் வந்து சேரும்.

10 மி.மீ. எட்ஜ் ஃபைண்டரை ஸ்பிண்டிலில் போட்டு 500 ஆர்.பி.எம். வாக்கில் சுற்றவிட்டு, இடது முகத்தை நோக்கி ஹேண்ட் வீலில் கொண்டுவருகிறோம். கடைசியில் 0.01 படியில் வர வேண்டும். ஆடிக்கொண்டிருந்த கீழ்முனை மெல்ல மெல்ல நேராகி, ஒரு கணம் அசையாமல் நிற்பதுபோல் இருந்து, சட்டென்று ஒரு பக்கம் விலகும். விலகுகிற அந்த இடம்தான் கணக்கு. மெஷின் X -412.300 காட்டுகிறது. ஸ்பிண்டிலின் மையம் இப்போது ஜாப்பின் முகத்துக்கு 5 மி.மீ. இடதுபுறத்தில் நிற்கிறது. அதாவது ஜாப்பின் கணக்கில் நாம் நிற்கும் இடம் X மைனஸ் 5. ஆகவே `OFS/SET` அழுத்தி, `WORK` பக்கத்தில் `G54`-இன் X கட்டத்தில் `X-5.` என்று அடித்து `MEASUR` அழுத்துகிறோம். கன்ட்ரோல் -412.300-இலிருந்து -5-ஐக் கழித்து -407.300 என்று போட்டுக்கொள்ளும்.

அடிக்க வேண்டியது எவ்வளவு நகர வேண்டும் என்பதல்ல, இப்போது எங்கே நிற்கிறோம் என்பது. இதைத் தலைகீழாக நினைப்பதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

இப்போது அளவைப் பாருங்கள். ஜாப் X-இல் சரியாக 5 மி.மீ. இடதுபுறம் தள்ளியிருந்தால், `X-5.`-க்குப் பதிலாக `X0.` என்று அடித்திருக்கிறீர்கள். எட்ஜ் ஃபைண்டரின் ரேடியஸ் கணக்கில் வரவில்லை. 10 மி.மீ. இடதுபுறம் தள்ளியிருந்தால் `X5.` என்று குறியை மாற்றி அடித்திருக்கிறீர்கள். ரேடியஸ் அளவு தவறு என்றால் மறதி, முழு விட்டம் அளவு தவறு என்றால் குறி மாறியது. இதற்கு விதிவிலக்கை நான் பார்த்ததில்லை.

குறி மாறுவது Y-இல்தான் அதிகம் நடக்கும். நம் தகட்டில் பின்முகத்தைப் பின்னாலிருந்து தொடுகிறோம். அப்போது ஸ்பிண்டில் மையம் முகத்துக்கு அந்தப் பக்கம், அதாவது Y பிளஸ் 5. இப்போதுதான் X-க்கு `X-5.` அடித்த கை, அதே வேகத்தில் `Y-5.` என்று அடித்துவிடும். அடித்து முடித்ததும் ஒருமுறை திரையில் `ABSOLUTE` Y-ஐப் பாருங்கள். எட்ஜ் ஃபைண்டர் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அங்கே 5.000 காட்டினால் சரி. -5.000 காட்டினால் இப்போதே மாற்றிவிடலாம்.

0.05, 0.1 என்று சிறிய அளவில் தள்ளியிருந்தால் கன்ட்ரோலில் அடித்தது தப்பாக இருக்காது, தொட்டது தப்பு. எட்ஜ் ஃபைண்டர் விலகிய பிறகும் ஒரு படி கூடத் தள்ளிவிட்டீர்கள், அல்லது ஜாப்பின் முகத்தில் பிசிறு இருந்தது. மூன்று முறை தொட்டுப் பாருங்கள். மூன்றும் 0.01-க்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எட்ஜ் ஃபைண்டரின் முகங்களுக்கு நடுவே அழுக்கு இருக்கும்.

இன்னொன்று. தள்ளியிருக்கும் அளவு ஜாப்புக்கு ஜாப் மாறினால் அது ஆஃப்செட் கிடையாது. ஆஃப்செட் தவறு ஒவ்வொரு ஜாப்பிலும் ஒரே அளவாகத்தான் வரும். மாறினால் ஸ்டாப்பரில் சிப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: எல்லா டூலும் ஒரே அளவு மேலே, அல்லது ஒரே அளவு கீழே

ஃபேஸ் கட்டர், டிரில், எண்ட் மில் மூன்றும் 0.3 மேலே வெட்டியிருக்கிறது என்றால், மூன்று `H`-உம் ஒரே அளவில் தப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள். அப்படிப்பட்ட இடம் இரண்டுதான்: `G54 Z`, `EXT Z`.

நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் பம்ப் கவர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஷிப்ட்டில் ஒருவர் ஜாக்கிரதையாக வெட்டிப் பார்ப்பதற்காக `EXT Z`-இல் 0.3 போட்டு எல்லா டூலையும் கொஞ்சம் தூக்கி வைத்தார். நல்ல பழக்கம்தான். ஆனால் எடுக்க மறந்துவிட்டார். இரண்டாம் ஷிப்ட்டில் வந்தவர் அளந்து பார்த்தார், எல்லா ஆழமும் 0.3 குறைவு. அவர் `EXT` கட்டத்தைப் பார்க்கவில்லை. ஆறு டூலுக்கும், `H`-ஓடு சேர்ந்து கூடும் தேய்மானக் கட்டத்தில் -0.3 போட்டார். ஜாப் சரியாக வந்தது. இரண்டு நாள் எல்லாம் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் வேறு ஜாப் ஏற்ற வந்த செட்டர், `EXT`-இல் ஏதோ எண் கிடக்கிறதே என்று பூஜ்யமாக்கினார். அடுத்த முறை அந்த கவர் ஏறியபோது `G54`-ஐப் புதிதாக எடுத்தார்கள், டூல்கள் பழையபடியே இருந்தன. ஆறு டூலும் 0.3 ஆழமாக வெட்டின. யாரும் தனியாகப் பெரிய தவறு செய்யவில்லை. முதல் தவறை அது இருந்த இடத்தில் திருத்தாமல் வேறு ஆறு இடத்தில் திருத்தியதுதான் நடந்தது.

அதனால் எல்லா டூலுக்கும் பொதுவான பிழையை ஒருபோதும் டூல் டூலாகத் திருத்தாதீர்கள். வேலை அதிகம் என்பது மட்டும் காரணமில்லை. உண்மையான பிழை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

`EXT` பூஜ்யமாக இருந்து, `G54 Z`-உம் சரி என்றால் ஜாப் வைஸில் சரியாக உட்காரவில்லை. வைஸை இறுக்கும்போது நகரும் ஜா ஜாப்பைச் சிறிது மேலே தூக்கும். ரப்பர் சுத்தியலால் தட்டிவிட்டு, அடியில் இருக்கும் பேரலலை விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று ஆடினாலும் ஜாப் உட்காரவில்லை.

பொதுப்பிழை சரியாக 50 மி.மீ. என்றால் யோசிக்கவே வேண்டாம். அது Z செட்டரின் உயரம். 50 மி.மீ. செட்டரை ஜாப்பின் மேல் வைத்துத் தொட்டுவிட்டு, அந்த 50-ஐக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். டூல் ஜாப்புக்கு 50 மேலே காற்றில் ஓடும், சேதம் எதுவும் இல்லை. செட்டரைத் தொட்டபோது திரை -312.450 காட்டியது என்றால் ஜாப்பின் முகம் -362.450-இல் இருக்கிறது.

அறிகுறி: ஒரே ஒரு டூல் மட்டும் ஆழம் தப்புகிறது

மற்ற டூல்கள் சரியாக இருப்பதே `G54`-க்கு நற்சான்று. இனி அதை யாரும் தொடக்கூடாது. அந்த ஒரு டூலின் வரியை மட்டும் பாருங்கள்.

முதலில் புரோகிராம். `T5` எடுத்துவிட்டு `G43 H4` என்று இருக்கிறதா? பழைய புரோகிராமில் ஒரு டூலைச் செருகி எண்களை மாற்றும்போது இது நடக்கும். இங்கேயும் அளவு காட்டிக்கொடுக்கும். `H4`-க்கும் `H5`-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். ஆழத்தில் வந்த தவறு அதற்குச் சமமாக இருந்தால் ஆஃப்செட் பக்கத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. புரோகிராமைத் திருத்தினால் போதும்.

அடுத்தது, பேட்ச் நடுவே டூல் மாற்றும்போது வருவது. இது நுணுக்கமானது, நல்ல ஆபரேட்டர்களே மாட்டிக்கொள்வார்கள். புரோகிராமில் Z பூஜ்யம் என்பது முடிந்த மேல்முகம். கச்சா முகம் அதற்கு 0.5 மேலே இருக்கிறது. ஃபேஸ் கட்டர் அந்த 0.5-ஐ எடுக்கும். செட்டிங் போட்டபோது எல்லா டூலையும் கச்சா முகத்தில் தொட்டு, அதை Z பிளஸ் 0.5 என்று கணக்கில் எடுத்தோம். இருபதாவது ஜாப்பில் எண்ட் மில் உடைகிறது. புது எண்ட் மில் போட்டுத் தொட வேண்டும். வைஸில் இருப்பது பாதி வெட்டிய ஜாப், மேல்முகம் ஏற்கெனவே ஃபேஸ் ஆகிவிட்டது. அதைத் தொட்டுவிட்டு, பழைய வழக்கப்படியே 0.5 கணக்கைப் போட்டால், புது எண்ட் மில் 0.5 ஆழமாக இறங்கும். தவறின் அளவு சரியாக ஃபேஸிங்குக்கு விட்ட அளவாக இருந்தால் இதுதான் காரணம்.

வார்ப்பு ஜாப்களில் கச்சா முகத்தைத் தொடுவதே சரியில்லை. ஒரு மூலையில் தொட்டால் ஒரு எண், இன்னொரு மூலையில் தொட்டால் வேறு எண். எல்லா டூலையும் மெஷின் டேபிளில் வைத்த செட்டரிலோ வைஸின் நகராத ஜா மேலோ தொடுங்கள். அங்கிருந்து ஜாப்பின் முகம் எவ்வளவு உயரம் என்பதை `G54 Z`-இல் போட்டுவிட்டால், எப்போது டூல் உடைந்தாலும் தொட ஒரே இடம் கிடைக்கும்.

தொடும்போது பேப்பரை நம்பிக் கீழே இறங்காதீர்கள். 10 மி.மீ. டவல் பின் ஒன்றை ஜாப்பின் மேல் படுக்க வைத்து, டூலை அதற்குப் பக்கத்தில், பின்னின் உயரத்தைவிடக் கொஞ்சம் கீழே கொண்டுவாருங்கள். பின் டூலுக்கு அடியில் போகாது. இனி டூலை 0.01 படியில் மேலே ஏற்றிக்கொண்டே, பின்னை விரலால் உருட்டிப் பாருங்கள். எந்தப் படியில் பின் அடியில் உருண்டு போகிறதோ அங்கே டூல் ஜாப்புக்கு 10 மேலே இருக்கிறது. டூல் மேலேதான் போகிறது என்பதால் இன்செர்ட்டும் உடையாது, பின்னும் நசுங்காது.

ஒரே ஜாப்புக்குள் வெட்ட வெட்ட ஆழம் கூடிக்கொண்டே போனால் `H` தப்பில்லை. கோலெட் பிடி தளர்ந்து எண்ட் மில் கீழே இழுபடுகிறது. அப்போது எண்ணைத் திருத்தினால் அடுத்த ஜாப்பில் இன்னும் மோசமாகும். கோலெட்டைக் கழற்றித் துடைத்து, திரும்ப இறுக்கி, புதிதாகத் தொடுங்கள்.

அறிகுறி: ஸ்டார்ட் அழுத்தியதும் Z மேலே போய் அலாரம், அல்லது டூல் நிற்காமல் ஜாப்பை நோக்கி இறங்குகிறது

இது இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். முன்னே சொன்ன இரண்டு வழக்கங்களும் கலந்துவிட்டன, அல்லது `G43` விடுபட்டுவிட்டது. ஒவ்வொன்றாக எண்ணைப் போட்டுப் பார்ப்போம். புரோகிராம் `Z100.` கேட்கிறது.

`G54 Z` பூஜ்யம், ஆனால் ஒருவர் டூல் நீளத்தை அளந்து `H`-இல் 130 போட்டுவிட்டார். 0 + 130 + 100 = +230. ஹோமுக்கு மேலே 230 மி.மீ. போகச் சொல்கிறோம். மெஷின் `500` எண் ஓவர்டிராவல் அலாரம் கொடுத்து நிற்கும். டூல் மேலே இருக்கிறது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். `G54 Z` -480. மற்ற டூல்கள் எல்லாம் நீள வழக்கத்தில் இருக்கின்றன. புது ஆபரேட்டர் ஆறாவது டூலை மட்டும் ஜாப்பில் தொட்டு, மெஷின் Z காட்டிய -365-ஐ அப்படியே `H6`-இல் போட்டார். -480 - 365 + 100 = -745. மெஷினின் ஓட்டமே 510தான். சரி, இங்கேயும் அலாரம் வந்து காப்பாற்றுமே என்று நினைக்கக் கூடாது. எல்லையை எட்டிய பிறகுதான் பல மெஷின்களில் அந்த அலாரம் வரும். இந்த டூலின் நுனி -365-இலேயே ஜாப்பைத் தொட்டுவிடும். எல்லைக்குப் போவதற்கு முன்பே ரேபிடில் ஜாப்பில் அடித்திருக்கும். திருத்தம் எளிது: -365-இலிருந்து -480-ஐக் கழித்தால் 115. அதுதான் டூலின் நீளம், அதுதான் `H6`-இல் இருக்க வேண்டிய எண்.

`G43` விடுபட்டாலும் இதே கதை. முதல் வழக்கத்தில் `H` சேரவில்லை என்றால் 0 + 100 = +100, மேலே அலாரம். இரண்டாவது வழக்கத்தில் -480 + 100 = -380. ஸ்பிண்டில் முகம் ஜாப்புக்கு 100 மேலே நிற்கப் பார்க்கும். ஆனால் அதில் 130 நீள டூல் தொங்குகிறது. டூல் ஜாப்புக்குள் 30 மி.மீ. இறங்கப் பார்க்கும்.

ஆகவே ஷிப்ட் மாறி வந்ததும் எந்த டூலையும் தொடுவதற்கு முன் ஆஃப்செட் பக்கத்தில் `H` வரிசையை மேலிருந்து கீழே ஒரு பார்வை பாருங்கள். எல்லாம் மைனஸா, எல்லாம் பிளஸா? நடுவில் ஒன்று மட்டும் வேறு குறியில் இருந்தால் அந்த டூலை ஸ்பிண்டிலில் ஏற்றாதீர்கள். ஐந்து விநாடி வேலை. இந்த மெஷினில் எந்த வழக்கம் என்று கன்ட்ரோல் பெட்டியில் மார்க்கரால் எழுதி வைப்பதும் நல்லது.

அறிகுறி: திருத்தம் போட்டேன், தவறு கூடிவிட்டது அல்லது மாறவே இல்லை

பாக்கெட் ஆழம் 10.00 வேண்டும், 9.93 வந்திருக்கிறது. இன்னும் 0.07 கீழே இறங்க வேண்டும், ஆகவே தேய்மானக் கட்டத்தில் `-0.07`. கீழே என்றால் மைனஸ். எந்த வழக்கமாக இருந்தாலும் இது மாறாது, ஏனென்றால் `H` எப்போதும் கூட்டலில்தான் இருக்கிறது. அடுத்த ஜாப் 9.86 வந்தால் பிளஸ் போட்டுவிட்டீர்கள். தவறு இரட்டிப்பானால் குறி மாறியது.

மாறவே இல்லை என்றால் புள்ளியைப் பாருங்கள். ஃபனக்கில் வழக்கமான அமைப்பில் புள்ளி இல்லாமல் `5` என்று அடித்தால் அது 5 மி.மீ. கிடையாது, 0.005. `-1` அடித்தவருக்கு -0.001 தான் கிடைத்திருக்கும். பழக்கமாகவே `-1.` என்று புள்ளி வைத்து அடியுங்கள்.

`INPUT`, `+INPUT` இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கட்டத்தில் ஏற்கெனவே -0.05 இருக்கிறது, இன்னும் -0.02 வேண்டும். `-0.02` அடித்து `+INPUT` அழுத்தினால் -0.07 ஆகும். `INPUT` அழுத்தினால் பழையது அழிந்து -0.02 மட்டும் நிற்கும். தேய்மானக் கட்டத்தில் இது சின்ன நஷ்டம். பக்கத்திலிருக்கும் நீளக் கட்டத்தில் கர்சர் நிற்கும்போது நடந்தால் 130.000 அழிந்து -0.020 ஆகிவிடும், டூலுக்கு நீளமே இல்லை என்று கன்ட்ரோல் நினைத்துக்கொள்ளும். அழுத்துவதற்கு முன் கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள், எண்ணை அப்புறம் பார்க்கலாம்.

அறிகுறி: காலையில் முதல் ஜாப் ஒரு அளவு, பத்து மணிக்கு மேல் வேறு அளவு

ஸ்பிண்டில் சூடேறி நீள்கிறது. குளிர்ந்த மெஷினில் டூல் தொட்டிருந்தால், சூடான பிறகு சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஆழமாக வெட்டும். பதினைந்து இருபது நிமிடம் ஸ்பிண்டிலைச் சுற்றவிட்டுவிட்டு டூல் தொடுங்கள். ஆழத்துக்கு 0.1 டாலரன்ஸ் இருக்கும் ஜாப்பில் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

வெட்டுவதற்கு முன்: 100 மி.மீ. சோதனை

மேலே சொன்ன Z பிழைகளில், ஆஃப்செட் எண்களில் இருக்கும் பெரியவை அத்தனையும் ஜாப்பைத் தொடாமலேயே கண்ணுக்குத் தெரியும். Z-ஐ ஹோமுக்கு அனுப்பிவிட்டு, மூன்றாவது டூல் ஸ்பிண்டிலில் இருக்கும்போது, `MDI`-இல் இதை அடியுங்கள்.

```
G90 G54 G0 X0 Y0;
G43 H3 Z100.;
```

சிங்கிள் பிளாக் போடுங்கள், ரேபிடை இருக்கிறதிலேயே குறைந்த படியில் வையுங்கள். முதல் வரி ஓடியதும் டூல் ஜாப்பின் பூஜ்ய மூலைக்கு நேர் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். 10 மி.மீ. X, Y தவறு இங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது வரி ஓடும்போது ஒரு கை ஃபீட் ஹோல்டில் இருக்க வேண்டும், கண் `DISTANCE TO GO` எண்ணில் இருக்க வேண்டும். பாதி வழியில் ஃபீட் ஹோல்ட் அழுத்துங்கள். இன்னும் 50 போக வேண்டும் என்று திரை சொன்னால், டூலுக்கும் ஜாப்புக்கும் நடுவே 150 இடைவெளி இருக்க வேண்டும், அதாவது ஒரு ஸ்கேலின் நீளம். கண்ணுக்கு அது ஒரு கையகலம்தான் தெரிந்தால் அங்கேயே `RESET` அழுத்திவிட்டு எண்களுக்குத் திரும்புங்கள்.

சரியாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள், 100-இல் நிற்கும். ஸ்பிண்டில் சுற்றவில்லை என்பதை உறுதிசெய்துவிட்டு, ஸ்டீல் ஸ்கேலை ஜாப்பின் மேல் செங்குத்தாக நிறுத்தி டூல் நுனியோடு ஒட்டிப் பாருங்கள். ஸ்கேலில் 100 காட்ட வேண்டும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள தவறு இதில் தெரியாது, அதை முதல் ஜாப்பின் அளவில்தான் பிடிக்க முடியும். ஆஃப்செட் எண்களில் இருக்கும், டூலை முறிக்கும் தவறுகள் எல்லாம் இதில் தெரியும். பிறகு அடுத்த டூலை ஏற்றி, `H` எண்ணை மாற்றி, ஆறு டூலுக்கும் இதையே செய்யுங்கள். இரண்டாவது வைஸ் `G55`-இல் இருந்தால் அங்கேயும் `G54`-ஐ `G55` என்று மாற்றி அடித்து ஒரு டூலுக்காவது செய்யுங்கள், ஏனென்றால் மெஷினை ஆன் செய்ததும் `G54`தான் செயலில் இருக்கும். புரோகிராமின் நடுவிலிருந்து ஆரம்பிக்கும்போது `G55` வரியைத் தாண்டிவிட்டால் டூல் முதல் வைஸுக்கே போகும்.